செகண்டரி டாமினன்ட்: ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பாடகர் குழுக்களில் கீபோர்டும் கிடாரும் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே எல்லா உதாரணமும் C மேஜரில், அதாவது ஒரு கட்டை சுருதியில். வேறு கட்டையில் பாடுபவர்களுக்கான வழி கடைசிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. கார்டு பெயர்களைத் தாளில் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறோம்.

C ஸ்கேல் பாட்டுல A7 எழுதியிருக்கு. C ஸ்கேல்ல C# இல்லையே, எழுதினவர் தப்பு பண்ணிட்டாரா?

தப்பில்லை. A7-க்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் Dm இருக்கும். C-க்கு G7 எப்படியோ, அப்படி Dm-க்கு A7. பாட்டின் வீடு C-தான்; ஆனால் அந்த இரண்டு துடிப்புக்கு மட்டும் Dm-ஐ ஒரு சின்ன வீடாக நினைத்துக்கொண்டு, அதன் வாசலைக் காட்டுகிற கார்டை முன்னால் வைத்திருக்கிறார்கள். டாமினன்ட் என்றால் பஞ்சமத்தின் மேல் நிற்கிற கார்டு. பாட்டின் சொந்த டாமினன்ட் G7. வீடான டானிக் அல்லாத வேறொரு கார்டுக்கு இப்படிக் கடனாக வருகிற டாமினன்ட்தான் செகண்டரி டாமினன்ட்.

A7-க்கு அடுத்து Dm இல்லாமல் நேராக F, C என்று இருந்தால், அப்போது எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. Am என்பதை யாரோ நகல் எடுக்கும்போது A7 ஆக்கியிருக்கலாம்.

எந்தக் கார்டுக்கு முன்னாடி எந்த 7 போடணும்? மனப்பாடம் பண்ண ஒரு வழி சொல்லுங்க.

போய்ச் சேர வேண்டிய கார்டை ச என்று வைத்து, ச ரி க ம ப எண்ணுங்கள். ப வருகிற இடத்தில் மேஜர் கார்டு, அதோடு 7. அவ்வளவுதான். Dm-க்குப் போக வேண்டுமா? D-யை ச ஆக வைத்தால் ப என்பது A. ஆகவே A7. போகிற கார்டு மைனராக இருந்தாலும் முன்னால் வருவது மேஜர் 7-தான். Am7 போட்டால் C# வராது. C# வராவிட்டால் இழுப்பு வராது.

C மேஜரில் மொத்தம் ஐந்துதான்:

```
A7 -> Dm   (C#)
B7 -> Em   (D#, F#)
C7 -> F    (Bb)
D7 -> G    (F#)
E7 -> Am   (G#)
```

அடைப்புக்குள் இருப்பது ஸ்கேலுக்கு வெளியே இருந்து வருகிற சுரம். ஸ்கேலின் ஏழாவது கார்டான Bdim-க்கு இப்படி ஒன்றும் கிடையாது. டிமினிஷ்ட் கார்டு தானே நிலையில்லாமல் ஆடுகிறது; அதைப் போய் யாரும் வீடாக நினைக்க முடியாது. ஐந்தில் D7, A7, E7 மூன்றும்தான் நம் பாட்டுகளில் அன்றாடம் புழங்குபவை. C7 அவ்வப்போது வரும். B7 அபூர்வம், இரண்டு வெளிச் சுரங்கள் வருவதால் பாட்டோடு மோத இரண்டு வாய்ப்பு.

அந்த இழுப்பு எங்கிருந்து வருது? ஒரு சுரம் மாறினதுக்கா இவ்வளவு?

C மேஜரின் ஏழு வெள்ளைக் கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எந்த இரண்டுக்கு நடுவே சரியாக ஆறு அரைச்சுருதி தூரம் இருக்கிறது என்று தேடினால் ஒரே ஒரு ஜோடிதான் கிடைக்கும்: F-உம் B-உம். ஆக்டேவைச் சரிபாதியாக வெட்டுகிற இந்தத் தூரத்துக்கு டிரைடோன் என்று பெயர். இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். காது சும்மா இருக்காது. B மேலே C-க்குப் போகத் துடிக்கும், F கீழே E-க்கு இறங்கத் துடிக்கும். G7-க்குள் இந்த ஜோடி இருப்பதால்தான் அது C-யைக் கைகாட்டுகிறது. ஸ்கேலில் ஒரே டிரைடோன், அதனால் ஒரே திசை.

இப்போது C-யை C# ஆக்கிவிட்டால் புதிதாக ஒரு ஜோடி பிறக்கிறது: G-உம் C#-உம். C# அரைச்சுருதி ஏறி D ஆகும், G இறங்கி F ஆகும். D-யும் F-உம் சேர்ந்தால் Dm-இன் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. ஆக A7 செய்கிற வேலை, C-யை நோக்கியிருந்த கைகாட்டி மரத்தைக் கொஞ்ச நேரம் D பக்கம் திருப்பிவைப்பது.

ஒரு நுணுக்கம். ஏறுகிற சுரம் எப்போதும் அரைச்சுருதிதான் ஏறும். இறங்குகிற சுரம் அப்படியில்லை. D7-லிருந்து G, C7-லிருந்து F என்று மேஜர் கார்டுக்குப் போகும்போது அரைச்சுருதி இறங்கும்; Dm, Em, Am என்று மைனருக்குப் போகும்போது முழுச்சுருதி இறங்கும். அதனால் மேஜருக்குப் போவது இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கும். மைனருக்குப் போவதில் ஒரு பக்கம் கொஞ்சம் தளர்வு.

கிடார்ல D7 - G வாசிச்சா நல்லா சேருது. A7 - Dm வாசிச்சா சப்புன்னு இருக்கு அண்ணா. ஏன்?

கை வடிவத்தில் இருக்கிறது காரணம். D7 என்பது xx0212. அதில் F# முதல் கம்பியின் 2-ஆம் ஃப்ரெட்டில். G கார்டில் (320003) அதே கம்பியில் 3-ஆம் ஃப்ரெட்டுக்கு ஏறுகிறது. C இரண்டாம் கம்பியின் 1-ஆம் ஃப்ரெட்டில். விரலை எடுத்தால் B. ஏற வேண்டியது ஏறுகிறது, இறங்க வேண்டியது இறங்குகிறது, அதுவும் அந்தந்தக் கம்பியிலேயே.

எல்லோரும் பிடிக்கிற A7 x02020. இதில் C# இரண்டாம் கம்பி 2-ஆம் ஃப்ரெட். Dm-இல் (xx0231) 3-ஆம் ஃப்ரெட்டுக்குப் போய் D ஆகிறது. அது சரி. ஆனால் G எங்கே? மூன்றாம் கம்பி திறந்திருக்கிறது. Dm பிடித்ததும் அதே கம்பியில் 2-ஆம் ஃப்ரெட் விழுந்து A ஆகிவிடுகிறது. இறங்க வேண்டிய சுரம் ஏறிவிட்டது. டிரைடோனின் ஒரு கால் தரையில் பட்டது, இன்னொரு கால் அந்தரத்தில்.

மாற்று இது:

```
A7  x02223
Dm  xx0231
```

ஆள்காட்டி விரலை 2-ஆம் ஃப்ரெட்டில் நான்கு, மூன்று, இரண்டாம் கம்பிகள் மேல் படுக்கவையுங்கள். சுண்டுவிரல் முதல் கம்பி 3-ஆம் ஃப்ரெட். இப்போது G முதல் கம்பியில் இருக்கிறது, Dm போகும்போது அதே கம்பியில் 1-ஆம் ஃப்ரெட்டுக்கு இறங்கி F ஆகும். பக்கத்துக் கம்பியில் C# ஏறி D ஆகும். மேலிரண்டு கம்பிகளை மட்டும் தட்டிப் பாருங்கள். ஒன்று ஏற, ஒன்று இறங்க, கத்தரிக்கோல் மாதிரி மூடும்.

E7-க்கும் இதே நோய், இதே மருந்து. 020100-இல் திறந்த நான்காம் கம்பியின் D, Am-இல் E ஆக ஏறிவிடும். 022130 பிடித்தால் D இரண்டாம் கம்பி 3-ஆம் ஃப்ரெட்டுக்கு வந்து, Am-இல் (x02210) 1-ஆம் ஃப்ரெட்டில் C ஆக இறங்கும். C7 (x32310), B7 (x21202) இரண்டும் வழக்கமான வடிவத்திலேயே ஒழுங்காகச் சேரும், மாற்ற வேண்டாம்.

ஒரு பாட்டு முழுசா எடுத்து, எங்கே போடணும், எங்கே போடக் கூடாதுன்னு காட்டுங்க.

எட்டு பார், பாருக்கு நான்கு துடிப்பு. மெட்டு இதற்காகவே போட்டது. எல்லாம் சங்கராபரண சுரங்கள். கோடு என்றால் முன் சுரம் நீள்கிறது.

```
1  ப ப த ப      C
2  த – க –      Am
3  ம க ரி –     Dm
4  ரி – – –     G
5  க – ப –      C
6  த த ப ம      F
7  ரி – நி –    Dm G7
8  ச – – –      C
```

ஏழாவது பாரின் நி கீழ் ஸ்தாயி. இந்தக் கார்டுகளோடு பாட்டு குறையில்லாமல் ஓடும். இதில் மூன்று இடத்தில் செகண்டரி டாமினன்ட் நுழையும்:

```
C | Am A7 | Dm D7 | G | C C7 | F | Dm G7 | C
```

மூன்றும் பாரின் பின்பாதியில், 3-4 துடிப்பில் வருகின்றன. போய்ச் சேருகிற கார்டு அடுத்த பாரின் முதல் துடிப்பில். இழுப்பு லேசான இடத்திலும் விடுதலை அழுத்தமான இடத்திலும் விழ வேண்டும் என்பதுதான் காரணம். தலைகீழாகப் போட்டால் முட்டுக்கட்டை போட்ட வண்டி போல் இருக்கும்.

ஒவ்வொன்றிலும் பாட்டின் சுரம் என்ன என்று பாருங்கள். இரண்டாம் பாரின் பின்பாதியில் க, அதாவது E. அது A7-க்குள் இருக்கிறது. மூன்றாம் பாரில் ரி, அதாவது D. D7-இன் அடிச்சுரமே அது. ஐந்தாம் பாரில் ப, அதாவது G, C7-க்குள் இருக்கிறது. எங்கேயும் மோதல் இல்லை.

முதல் பாரின் கடைசித் துடிப்பில் E7 போட்டு Am-க்குப் போகலாமே என்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள். அங்கே மெட்டு ப, G. E7-க்குள் G#. பாடுகிறவர் G பிடிக்க, நீங்கள் G# அழுத்த, இரண்டும் அரைச்சுருதி இடைவெளியில் உரசும்.

இன்னொன்று: மூன்றையும் எல்லாச் சரணத்திலும் போட்டால் மூன்றாவது சரணத்துக்குள் காது மரத்துவிடும். முதல் சரணத்தில் A7 மட்டும், கடைசிச் சரணத்தில் மூன்றும் என்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

கீபோர்டுல அந்த 2, 3, 4-ஆம் பாரை வாசிக்கும்போது கை எங்கெங்கே போகணும்?

வலது கையைத் தூக்கித் தூக்கிப் போடாமல் பக்கத்துக் கட்டைகளிலேயே நகர்த்துங்கள். இடது கையில் அடிச்சுரம் மட்டும். வலது கை, கீழிருந்து மேலாக:

```
Am   E  A  C
A7   G  A  C#
Dm   F  A  D
D7   F# A  C
G    G  B
```

நடு C-யை ஒட்டி வாசியுங்கள். மேல் விரலை மட்டும் கவனித்தால் C, C#, D என்று ஒவ்வொரு அரைச்சுருதியாக ஏறுகிறது. கீழ் விரலில் G, F என்று இறங்கி, பிறகு F, F#, G என்று ஏறுகிறது. நடு A நான்கு கார்டுக்கும் அசையாமல் நிற்கிறது. நான்காம் பாரில் G, B இரண்டே விரல். D எங்கே என்று தேட வேண்டாம், அதைத்தான் பாட்டு நான்கு துடிப்பும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

A7-க்கு நான்காவது விரலாக E-யையும் சேர்க்க ஆசை வரும். பாட்டில் E இருக்கிறது, தேவையில்லை. அதைவிட முக்கியம், C#-ஐ இரண்டு இடத்தில் வாசிக்காதீர்கள். ஏறத் துடிக்கிற சுரத்தை இரண்டு கையிலும் வைத்தால் இரண்டும் D-க்கு ஏற வேண்டும், கார்டு ஒல்லியாகிவிடும். ஒன்று ஏறாமல் விட்டால் ஏதோ பாதியில் நின்ற மாதிரி கேட்கும். பேஸ் கிடார் வாசிப்பவர் C, C#, D என்று கீழே நடந்துபோக விரும்பினால் தாராளமாக விடுங்கள், அழகான நடை அது. அப்போது தாளில் A7/C# என்று எழுதி, உங்கள் வலது கையிலிருந்து C#-ஐ எடுத்துவிட வேண்டும்.

எல்லாம் சரியா வாசிக்கிறேன், ஆனா A7 வர்ற இடம் மட்டும் கலங்கலா கேக்குது.

முதலில் சஸ்டெயின் பெடலைப் பாருங்கள். Am-இல் மிதித்த காலை A7-இல் எடுக்காமல் இருந்தால் பழைய C ஒலித்துக்கொண்டே இருக்கும், அதன் மேல் C# வந்து உட்காரும். கார்டு மாறும் அதே நொடியில் பெடலை விட்டு மறுபடி மிதியுங்கள். ஸ்ட்ரிங்ஸ், பேட் போன்ற ஒலிகளைப் பின்னால் சேர்த்திருந்தால் பெடல் இல்லாமலும் இது நடக்கும், ஏனென்றால் அவை அடங்கவே சற்று நேரம் எடுக்கும். அரைப் பாருக்கு ஒரு கார்டு மாறும் இடத்தில் பேடைக் குறைத்துவிடுவது மேல்.

பெடல் காரணம் இல்லையென்றால் ஆல்ட்டோவைக் கேளுங்கள். பழைய தாளில் Am மட்டும் இருந்து, ஆல்ட்டோ முழுப் பாருக்கும் C பிடித்துப் பழகியிருப்பார்கள். நீங்கள் வாசிப்பில் A7-ஐச் சேர்த்ததை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாடகர் குழுவோடு வாசிக்கும்போது ஒரு கார்டை மாற்றுவது என்றால் நான்கு குரலின் தாளையும் பென்சிலால் திருத்துவது என்று அர்த்தம்.

C-யிலிருந்து C#-க்கு ஏறச் சொன்னால் பலரும் முழுதாக ஏறாமல் நடுவில் நிற்பார்கள். முதலில் போய்ச் சேர வேண்டிய D-யைப் பாடவையுங்கள். பிறகு D, C#, D. காதில் D நின்றுவிட்டால் C# தானே உயரத்தில் விழும். கடைசியில்தான் C, C#, D.

மார்கழி கேரல் ரவுண்ட்ஸ்ல தெருவுல நல்லா இருந்த கிடார், வீட்டுக்குள்ள போனதும் இந்த 7 கார்டுல மட்டும் பல்லை இளிக்குதே?

ஊட்டியில் டிசம்பர் ராத்திரி வெளியே நிற்கும்போது எஃகுக் கம்பி குளிரில் சுருங்கி சுருதி ஏறும். அங்கே டியூன் செய்துவிட்டு, கரி அடுப்பு வைத்த அறைக்குள் போனால் கம்பி சூடாகித் தளர்ந்து சுருதி இறங்கும். மரத்தைவிடக் கம்பி சீக்கிரம் மாறும். சாதாரண C, F கார்டில் இது அவ்வளவாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து இறங்கினால் காது மன்னிக்கும். A7-இல் மன்னிக்காது, ஏனென்றால் C# சரியாக D-க்குக் கீழே ஒட்டி நின்றால்தான் இழுக்கும். இரண்டாம் கம்பி கொஞ்சம் இறங்கிவிட்டால் C#-க்கும் C-க்கும் நடுவில் ஏதோ ஒன்று ஒலிக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெபம், வாழ்த்து எல்லாம் முடியும்வரை கிடாரை உறையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள், பிறகு டியூனரில் இரண்டாம் கம்பியை முதலில் பாருங்கள். திறந்த கம்பியை மட்டும் அல்ல, 2-ஆம் ஃப்ரெட்டை அழுத்தியும் பாருங்கள். விறைத்த விரல் தேவைக்கு மேல் அழுத்திக் கம்பியை வளைக்கும். அப்போது சுருதி ஏறும். கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டிப் போடாவிட்டாலும் அதே கதை.

D7 போட்டு G போனா பாட்டே G ஸ்கேலுக்கு மாறிடாதா?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வருகிற பஸ் பர்லியாரில் டீக்கு நிற்கும். அதனால் யாரும் பர்லியாருக்குக் குடிவந்துவிட்டதாகச் சொல்வதில்லை. D7, G, உடனே C என்றால் அது டீக்கு நின்றதுதான்.

குடிவருவது எப்போது? D7, G வந்து, பிறகு மெட்டும் F# பாட ஆரம்பித்து, மறுபடி Am, D7, G என்று முடிந்து, F என்கிற சுரமே நான்கு பாருக்குக் காணாமல் போனால். அப்போது G வீடாகிவிட்டது, பழைய C போகிற வழியில் இருக்கிற ஊர் மாதிரிக் கேட்கும். சோதனை எளிது: G வந்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டு, குழுவில் ஒருவரை ச பாடச் சொல்லுங்கள். C பாடினால் இன்னும் வீடு மாறவில்லை. G பாடினால் மாறிவிட்டது.

தற்செயலாக மாறிவிடாமல் இருக்க, G வந்த பாரின் கடைசித் துடிப்பில் அதை G7 ஆக்குங்கள். G7-க்குள் இருக்கிற F, சற்று முன் வந்த F#-ஐ ரத்து செய்து காதை C பக்கம் திருப்பிவிடும். மேலே போட்ட எட்டு பாரில் நான்காம் பாரின் முடிவில் இதைச் செய்து பாருங்கள். ஐந்தாம் பாரின் C எவ்வளவு இயல்பாக விழுகிறது என்று தெரியும்.

பாட்டுல மோதுமா மோதாதான்னு வாசிக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒவ்வொரு செகண்டரி டாமினன்டும் ஸ்கேலின் ஒரு சுரத்தைத் திருத்துகிறது. திருத்தப்படாத அந்தப் பழைய சுரம் அதே நேரத்தில் மெட்டில் இருந்தால் மோதும். A7-இன் கீழ் மெட்டில் C இருக்கக் கூடாது. D7-இல் F. E7-இல் G. C7-இல் B. B7-இல் D-யும் F-உம். அரைத் துடிப்புக்கும் குறைவாக, அழுத்தமில்லாத இடத்தில் கடந்துபோகிற சுரமாக இருந்தால் விட்டுவிடலாம், காது பிடிக்காது.

நாங்கள் அடிக்கடி பார்க்கிற தவறு D7-இல்தான். மூன்றாம் பாரையே எடுங்கள்: முதல் துடிப்பில் மெட்டு ம, அதாவது F. D7-ஐ மூன்றாம் துடிப்பில் போடாமல் அவசரப்பட்டு பாரின் தொடக்கத்திலேயே போட்டால் F-உம் F#-உம் நேருக்கு நேர் முட்டும். தாளில் கார்டுப் பெயரை வார்த்தைக்கு மேல் எழுதும்போது ஒரு எழுத்து இடப்பக்கம் தள்ளி எழுதியதால் வருகிற விபத்து இது. எந்த எழுத்தின் மேல் மாறுகிறது என்று ஒரு கோடு கிழித்துவிடுங்கள்.

கீர்த்தனைகளுக்கு இதைப் போடலாமா சார்? பாமாலைக்கு சரியா வருது, கீர்த்தனைக்கு ஒட்ட மாட்டேங்குது.

பாமாலை மெட்டுகள் கார்டை மனதில் வைத்துப் பிறந்தவை. கீர்த்தனை ராகத்தை வைத்துப் பிறந்தது. அதனால் முதலில் ராகத்தின் சுரங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சங்கராபரணத்தில் இருப்பது சுத்த மத்யமம், F. D7 கொண்டுவருகிற F# பிரதி மத்யமம். ஒரு துடிப்புக்குக் கல்யாணி எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது; அந்நியமான அந்தச் சாயல்தான் இழுப்பாகக் கேட்கிறது. பாட்டே கல்யாணியில் இருந்தால்? F# ஏற்கெனவே ஊர்க்காரர். D7 போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அது செகண்டரி டாமினன்டாகவே ஒலிக்காது. அரிகாம்போதியில் C7-க்கும் அதே கதிதான். கைசிகி நிஷாதமான Bb ராகத்துக்குள்ளேயே இருப்பதால், C7 அங்கே வீட்டின் நிறம், கைகாட்டி மரம் அல்ல.

அதோடு, கார்டின் வெளிச் சுரம் ராகத்தின் முகத்தையே மாற்றிவிடும். மோகனத்தில் பாடும்போது E7-இன் G# வந்தால் பாட்டைத் தெரிந்த பெரியவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். கமகத்தோடு அசைகிற சுரத்தின் அடியில் கார்டை மாற்றுவதும் வேண்டாம். கீர்த்தனையில் போட்டே ஆக வேண்டும் என்றால் பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் முன் குரல் இல்லாத இடைவெளியில் போடுங்கள். எங்கள் கருத்து, பல கீர்த்தனைகளுக்கு ச-ப சுருதியும் இரண்டு மூன்று கார்டுமே போதும்.

A7 போட்டா Dm-க்குத்தான் போகணுமா?

இல்லை. அதிகம் பயன்படுகிற இன்னொரு வழி A7, D7, G7, C என்கிற சங்கிலி. Dm-க்குப் பதிலாக D7 வருவதால், இறங்கி ஓய்வெடுக்க வேண்டிய இடமே அடுத்த இழுப்பாகிவிடுகிறது. இங்கே C#, D-க்கு ஏறாமல் C-க்கு அரைச்சுருதி இறங்கும். G, F#-க்கு இறங்கும். டிரைடோன் அப்படியே ஒரு படி கீழே சறுக்குகிறது. கீபோர்டில் இரண்டு விரலுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாமல் அரைச்சுருதி அரைச்சுருதியாக இடப்பக்கம் நகர்த்தினால் போதும்: G-C#, F#-C, F-B, கடைசியில் E-C. இடது கை A, D, G, C.

E7-க்குப் பிறகு Am-க்குப் பதில் F போவதும் உண்டு. A-யும் C-யும் F-க்குள்ளும் இருப்பதால் காது ஏமாந்தாலும் கோபப்படாது. பாடலின் கடைசி வரியை ஒரு முறை நீட்ட இது வசதி.

தாள்ல V7/V, V7/ii-ன்னு எழுதியிருந்தா எப்படிப் படிக்கிறது?

சாய்கோட்டை "உடைய" என்று படியுங்கள், வலமிருந்து இடமாக. V7/ii என்றால் இரண்டாவது கார்டினுடைய ஐந்தாவது. C மேஜரில் இரண்டாவது Dm, அதன் ஐந்தாவது A7. ஆனால் A7/C# என்று கார்டுப் பெயரோடு சாய்கோடு வந்தால் அது வேறு. அங்கே கோட்டுக்குப் பின்னால் இருப்பது பேஸ் சுரம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

எங்க குழு ரெண்டரை கட்டையில பாடும். எல்லாத்தையும் மாத்தி எழுதணுமா?

வேண்டாம். ரெண்டரை கட்டை என்றால் D#, அதாவது Eb. கிடாரில் 3-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு மேலே சொன்ன C மேஜர் வடிவங்களையே வாசியுங்கள். X02223 அங்கேயும் அப்படியே வேலை செய்யும். கீபோர்டில் Transpose +3. ஆராதனை முடிந்ததும் அதை 0-க்குக் கொண்டுவந்துவிட்டுப் போங்கள், அடுத்து வாசிப்பவர் திண்டாடுவார்.

பேஸ் கிடாரில் கேப்போ கிடையாது, அவருக்கு மட்டும் மாற்றி எழுத வேண்டும். எட்டு பாரும் அவருக்கு இப்படி வரும்:

```
Eb | Cm C7 | Fm F7 | Bb | Eb Eb7 | Ab | Fm Bb7 | Eb
```

மைனர் பாட்டுக்கும் இதேதானா?

எண்ணுகிற முறை அதேதான். Am பாட்டில் Dm-க்குப் போக A7. இங்கே அதன் பலம் இன்னும் அதிகம், ஏனென்றால் வீடான Am-ஏ ஒரு சுரம் மாறி மேஜராகிக் கண்முன் வேறு ஆளாக நிற்கிறது. C-க்குப் போக G7 போட்டால் வெளிச் சுரம் எதுவும் வராது, எல்லாம் வெள்ளைக் கட்டைகள்தான். அதனால் மோதலும் இல்லை, இழுப்பும் மென்மை. E-க்குப் போக B7 போடும்போது மட்டும், அடுத்து வருவது E7-ஆ Em-ஆ என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிடாரில் ஒருவர் G#, கீபோர்டில் இன்னொருவர் G என்று பிடித்தால் அந்த B7 போட்ட பாடே வீண்.